ஓப்பனிங் பேலன்ஸ் உடைந்த பிறகு D எழுத்து எங்கே நிற்கிறது?

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கேன். ஜேஎஸ்இ டாப் 40 மினி ஃபியூச்சர்ஸ் மட்டும்தான் பண்றேன். மார்க்கெட் ப்ரொஃபைல் எழுத்துச் சார்ட் போட ஆரம்பிச்சிருக்கேன். ஓப்பனிங் பேலன்ஸ் சின்னதா இருந்தா டிரெண்ட் டே வரும்னு படிச்சேன். அதை நம்பி முதல் ஒரு மணி நேரத்து உச்சத்தை உடைச்சதும் வாங்கிடறேன். பல நாள் உடைச்சிட்டு மறுபடி உள்ளே வந்துடுது. காலை பதினோரு மணிக்குள்ள இது எந்த மாதிரி நாள்னு சொல்ல வழி இருக்கா?

பதில்:

வணக்கம் தம்பி. பதினோரு மணிக்கு ஓரளவு சொல்லிவிடலாம். நீங்கள் பத்து மணி ஐந்து நிமிடத்துக்கே சொல்லப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பேலன்ஸை உடைக்கிற எழுத்து எதையும் தீர்மானிப்பதில்லை. அதற்கு அடுத்த எழுத்து எந்த விலையில் உட்காருகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. ஒன்பது மணியிலிருந்து அரை மணிக்கு ஓர் எழுத்தாக A, B என்று எண்ணினால் உடைப்பு பெரும்பாலும் C-யில் வரும், பதில் D-யில் கிடைக்கும். D முடிவது சரியாகப் பதினோரு மணிக்கு.

முதலில் 'சின்ன பேலன்ஸ் என்றால் டிரெண்ட் டே' என்ற வாக்கியத்தைச் சரிசெய்துகொள்வோம். இந்தச் சார்ட் முறை சிகாகோ போர்டு ஆஃப் டிரேட் என்ற தானியச் சந்தையில் பிறந்தது. அங்கே வியாபாரம் செய்த பீட்டர் ஸ்டைடல்மேயர் 1980-களில் இதை உருவாக்கினார். ஒவ்வொரு அரை மணிக்கும் ஓர் எழுத்து. அந்த அரை மணியில் தொட்ட ஒவ்வொரு விலைக்கும் நேராக அந்த எழுத்தை ஒருமுறை எழுத வேண்டும், எத்தனை முறை தொட்டாலும் ஒருமுறைதான். அன்றைய களத்தில் சொந்தப் பணத்தில் அன்றாடம் வாங்கி விற்கிற உள்ளூர் வியாபாரிகள் முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வரம்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மேலே போனால் விற்க ஆள் வருகிறான், கீழே போனால் வாங்க ஆள் வருகிறான் என்று இரு பக்கமும் தட்டிப் பார்த்து அமைகிற வரம்பு அது. A, B இரண்டும் சேர்ந்த அந்த வரம்புதான் ஓப்பனிங் பேலன்ஸ். சார்ட் மென்பொருளில் பெரும்பாலும் இனிஷியல் பேலன்ஸ் என்று வரும், இரண்டும் ஒன்றுதான்.

அந்த வரம்பு அகலமாக அமைந்தால், பெரிய கை ஏற்கெனவே உள்ளே வந்து விலையை ஒரு பக்கம் தள்ளி, எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலும் வாங்கிவிட்டது என்று பொருள். அன்றைய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிட்டது, மீதி நாள் அதற்குள்ளேயே சுற்றும். நார்மல் டே என்பது இதைத்தான். வரம்பு சின்னதாக அமைந்தால் பெரிய கை இன்னும் வரவில்லை என்று மட்டுமே பொருள். அவர் பதினொன்றுக்கு வரலாம், மூன்றரைக்கு வரலாம், அன்றைக்கு வராமலே போகலாம். வராமல் போன நாளில் சின்ன பேலன்ஸ் சின்னதாகவே இருந்து, சார்ட் குட்டையாகத் தடித்து முடியும். அதற்கு நான்-டிரெண்ட் டே என்று பெயர். ஆக, சின்ன பேலன்ஸ் இரண்டுக்கும் பொது: ஆண்டிலேயே பெரிய ஓட்டம் ஓடுகிற நாளுக்கும், ஒன்றுமே நடக்காத நாளுக்கும். நீங்கள் படித்த வாக்கியம் பாதிதான்.

சின்னது என்று எதை வைத்துச் சொல்வது? புள்ளிக்கணக்கை மனப்பாடம் செய்யாதீர்கள், இண்டெக்ஸ் ஏற ஏற அது மாறிவிடும். கடைசி 20 வணிக நாள்களின் பேலன்ஸ் அகலங்களை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். அதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இருந்தால் நான் சின்னது என்று வைக்கிறேன். இது என் சொந்த அளவுகோல், புத்தக விதி இல்லை.

இப்போது உங்கள் சந்தைக்கு வருவோம். ஃபியூச்சர்ஸ் 8:30-க்கே தொடங்குகிறது. பங்குகள் ஒன்பதுக்குத்தான் தொடங்குகின்றன. முதல் அரை மணியில் நேற்றிரவு நியூயார்க் எங்கே முடிந்தது, ஹாங்காங் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்து நாலு பேர் விலை சொல்கிறார்கள், அவ்வளவுதான். நாஸ்பெர்ஸும் வங்கிப் பங்குகளும் இன்னும் கைமாறாத நேரத்தில் இரு பக்கமும் தட்டிப் பார்த்த வரம்பு எப்படி அமையும்? அதனால் நான் A-வை 9:00-க்குத் தொடங்குகிறேன். 8:30 முதல் 9:00 வரையிலான அசைவைச் சார்ட்டில் வைத்திருப்பேன், பேலன்ஸில் சேர்க்க மாட்டேன். 8:30-லிருந்து எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஒன்றை எடுத்தால் அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்றால் 20 நாள் கணக்கு வீண்.

இனி சார்ட்டைப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஜூலை மாதத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதம் ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன். ஒரு வரிசைக்கு 50 புள்ளி. நேற்றைய வியாபாரத்தில் 70 சதவீதம் நடந்த வேல்யூ ஏரியா 79,600 முதல் 79,950 வரை. இன்று அதற்கு மேலே, 80,050-ல் திறக்கிறது. A 80,000 முதல் 80,200 வரை போகிறது. B 79,950 முதல் 80,150 வரை. ஆக பேலன்ஸ் 79,950 முதல் 80,200, மொத்தம் 250 புள்ளி. 20 நாள் நடு அகலம் 450 என்றால் இது சின்னதுதான். பத்து மணிக்குப் பிறகு C மேலே உடைக்கிறது. நீங்கள் 80,210-ல் வாங்கிவிட்டீர்கள்.

```
80300  C
80250  CD
80200  ACD
80150  ABCDE
80100  ABCDE
80050  ABCDE
80000  ABE
79950  BE
```

இது உங்களுக்கு அடிக்கடி வாய்க்கிற நாள். C 80,300 வரை போனது. 100 புள்ளி ரேஞ்ச் எக்ஸ்டென்ஷன், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே C 80,050 வரை கீழே இறங்கியும் இருக்கிறது. D வந்து 80,250-ஐத் தொட்டதே தவிர C-யின் உச்சத்தைத் தொடவில்லை. D-யின் அடி 80,050, அதாவது பேலன்ஸுக்குள் 150 புள்ளி ஆழம். பதினோரு மணிக்குச் சார்ட்டைத் தள்ளி நின்று பார்த்தால் தடித்த இடம் 80,050-க்கும் 80,150-க்கும் நடுவே, முழுக்கப் பழைய வரம்புக்குள்ளேயே இருக்கிறது. மேலே விலை விளம்பரம் செய்யப்பட்டது, புதிதாக வாங்க ஆள் வரவில்லை. E அதை உறுதி செய்துகொண்டு 79,950 வரை வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் இறங்கி 79,940-ல் வெளியேற நேர்ந்தால் 270 புள்ளி நஷ்டம். மினியில் ஒரு புள்ளிக்கு ஒரு ராண்ட், ஆகவே 270 ராண்ட். பெரிய கான்ட்ராக்டில் புள்ளிக்குப் பத்து, அங்கே 2,700.

இதே A, B-யோடு, C-யும் முதல் பார்வைக்கு இதே மாதிரி உடைக்க, இன்னொரு நாள் இப்படி அமைகிறது:

```
80600  E
80550  E
80500  DE
80450  DE
80400  DE
80350  CD
80300  C
80250  C
80200  AC
80150  ABC
80100  ABC
80050  AB
80000  AB
79950  B
```

C 80,350 வரை போயிருக்கிறது, முதல் நாளைவிட 50 புள்ளிதான் அதிகம். பத்தரை மணிக்கு இரண்டு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. D-யில்தான் கதை பிரிகிறது. இங்கே D-யின் அடி 80,350. பேலன்ஸ் உச்சமான 80,200-ஐத் திரும்பித் தொட்டுப் பார்க்கக்கூட அது வரவில்லை. விளைவாக 80,250, 80,300 ஆகிய இரண்டு வரிசைகளிலும் C தனியாக நிற்கிறது. சிங்கிள் பிரிண்ட் என்பது இதுதான். அந்த விலைகளில் ஒரே அரை மணிதான் வியாபாரம் நடந்தது, அதற்குப் பிறகு அந்த விலைக்குக் கொடுக்க ஆளில்லை. மலிவு என்று நினைத்து வாங்கியவர் யாரோ மொத்தமாக அள்ளிக்கொண்டு மேலே போய்விட்டார். E-யின் அடி 80,400, D-யின் அடியைவிட மேலே. ஒவ்வோர் எழுத்தின் அடியும் முந்தைய எழுத்தின் அடிக்குக் கீழே போகாமல் படிப்படியாக ஏறுகிறது. இது நீடிக்கும் வரை விற்பவர் கையில் எதுவும் இல்லை.

ஆகவே பதினோரு மணிக்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: D பேலன்ஸுக்குள் திரும்பி வந்ததா, இல்லையா? வரவில்லை, பின்னால் சிங்கிள் பிரிண்ட் விட்டிருக்கிறது என்றால் டிரெண்ட் டேயோ, குறைந்தது அதைவிடக் குறைவாக ஓடுகிற நார்மல் வேரியேஷன் டேயோ உருவாகிறது. பாதிக்கு மேல் உள்ளே வந்துவிட்டது என்றால் உடைப்பு தோற்றது. ஓரத்தை மட்டும் உரசிவிட்டு வெளியே நிற்கிறது என்றால், அதுதான் தொல்லை பிடித்த நிலை. அப்போது நான் E-க்கும் காத்திருப்பேன்.

C முடியும் முன்பே சிங்கிள் பிரிண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். நடந்துகொண்டிருக்கிற எழுத்து எப்போதும் தனியாகத்தான் தெரியும். பத்து இருபதுக்குத் திரையைப் பார்த்தால் C நாலு வரிசை தனியாக நின்று ஆசை காட்டும். முதல் சார்ட்டிலும் பத்தே காலுக்கு 80,250-ம் 80,300-ம் சிங்கிளாகத்தான் இருந்திருக்கும். அடுத்த எழுத்து வந்து அந்த விலையை விட்டு விலகி நின்ற பிறகுதான் அது சிங்கிள் பிரிண்ட். சார்ட்டின் நுனியில் வருகிற வால்களுக்கும் இதே விதி. முதல் சார்ட்டின் மேல்நுனியில் நிற்கிற ஒற்றை C வெறும் ஒரு வரிசை, அதை நான் வால் என்று கூப்பிட மாட்டேன். இரண்டு வரிசையாவது வேண்டும்.

காத்திருந்தால் விலை கைவிட்டுப் போய்விடாதா என்று நினைப்பீர்கள். போகும். இரண்டாவது நாளில் D முடியும்போது விலை 80,450 என்று வைப்போம். அங்கே வாங்கி, ஸ்டாப்பை பேலன்ஸ் உச்சத்துக்குச் சற்றுக் கீழே 80,190-ல் வைத்தால் ஆபத்து 260 புள்ளி. 80,210-ல் வாங்கி 79,940-ல் ஸ்டாப் வைத்தவருக்கு 270. இரண்டு பேர் பணயம் வைத்த பணம் கிட்டத்தட்ட ஒன்றே. தாமதமாக வந்தவர் 240 புள்ளி லாபத்தைக் கோட்டை விட்டார். அதற்குப் பதிலாக முதல் சார்ட் மாதிரி நாள்களில் அவர் உள்ளேயே போகவில்லை. எது மேல் என்பது உங்கள் சார்ட்டுகளில் இந்த இரண்டு வகையும் என்ன விகிதத்தில் வருகின்றன என்பதைப் பொறுத்தது. தோற்கிற உடைப்பே அதிகம் வருகிறது என்று நீங்களே சொல்லியிருப்பதால், உங்களுக்குக் காத்திருப்பதுதான் சரிப்படும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது நாளின் மீதியையும் பார்த்துவிடுவோம். F-ம் G-ம் 80,500-க்கும் 80,600-க்கும் நடுவே ஆடுகின்றன. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஜேஎஸ்இ எப்படித் தூங்கும் என்று உங்களுக்குத் தெரியும். H 80,450 வரை இறங்குகிறது. படி ஏற்றம் இங்கே முதல்முறை அறுகிறது. ஓட்டம் நின்றுவிட்டது, சந்தை மேலே ஒரு புது இடத்தில் குடியேறப் பார்க்கிறது என்று மட்டும் இதை எடுத்துக்கொள்ள வேண்டும். பயந்து விற்க வேண்டிய இடம் வேறு: விலை சிங்கிள் பிரிண்டுகளுக்குள், அதாவது 80,300-க்குக் கீழே புகுந்தால். காலையில் அள்ளிக்கொண்டு போனவர் அந்த விலையைக் காப்பாற்ற வரவில்லை என்று அப்போது தெரிந்துவிடும். நம் நாளில் அப்படி நடக்கவில்லை. மூன்றரைக்கு நியூயார்க் திறக்கிறது, N எழுத்து 80,800-க்குப் போகிறது, நாள் 80,850 உச்சத்தின் அருகே முடிகிறது. மொத்த வீச்சு 900 புள்ளி, அதில் ஓப்பனிங் பேலன்ஸ் 250. நாளின் வீச்சு பேலன்ஸைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாவிட்டால் நார்மல் வேரியேஷன் என்பார்கள். இது மூன்றரை மடங்கைத் தாண்டியதால் டிரெண்ட் டே. மதியம் ஒரு தடிப்பு, மேலே ஒல்லியாக ஒரு கழுத்து, அதற்கு மேல் இன்னொரு தடிப்பு என்று அமைந்திருந்தால் இரட்டைத் தடிப்பு டிரெண்ட் டே என்பார்கள். பெயரில் ஒன்றுமில்லை, நாளைக் காலை எந்தத் தடிப்புக்குள் திறக்கிறது என்பதற்குத்தான் அது உதவும்.

முதல் நாள் என்ன ஆனது? E 79,950-ல் நிற்கிறது. இனி கீழேயும் உடைந்தால் இரு பக்கமும் நீண்ட நியூட்ரல் டே. பெரிய கை இரண்டு பக்கமும் இருக்கிறது, இரண்டும் ஏறக்குறைய சம பலம். காலையில் மேலே வாங்கி மாட்டியவர், மதியம் கோபத்தில் கீழே விற்று மறுபடி மாட்டுவது இந்த நாளில்தான். நியூட்ரல் என்று தெரிந்துவிட்டால் நான் ஓரங்களில் புதிதாக உள்ளே போக மாட்டேன். நாள் முடிவில் ஏதாவது ஓர் ஓரத்தில் விலை நின்று முடிந்தால், அந்தப் பக்கம் ஜெயித்தது என்று மறுநாளுக்குக் குறித்துக்கொள்வேன்.

திறக்கிற இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் உதாரணத்தில் நேற்றைய வேல்யூ ஏரியாவுக்கு மேலே திறந்தது, முதல் ஒரு மணி நேரம் அதற்குள் இறங்கவே இல்லை. B சரியாக அதன் உச்சமான 79,950-ஐத் தொட்டுத் திரும்பியது. மேல்பக்க உடைப்புக்கு இது கொஞ்சம் பலம். நேற்றைய வேல்யூ ஏரியாவுக்கு நடுவில் திறந்து, அங்கேயே சின்ன பேலன்ஸ் அமைந்தால், நேற்றைய விலையில் எல்லோருக்கும் திருப்தி என்று பொருள். அந்த மாதிரி நாளில் C உடைத்தாலும் நான் D-க்கு முன் கை வைக்கவே மாட்டேன். ஒன்பது மணிக்குத் திறந்ததும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் ஓடுகிற நாள்களும் உண்டு. அப்போது பேலன்ஸே அகலமாகிவிடும், இந்த D கணக்கு அதற்குப் பொருந்தாது. அங்கே திறந்த விலைக்குத் திரும்பி வருகிறதா என்பதே போதுமான சோதனை.

ஜூலை என்று ஏன் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். சார்ட்டில் தெரியாத விஷயம் இது, நம் ஊரில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்களும் குறைவு. தென்னாப்பிரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஐரோப்பாவில் மாற்றுகிறார்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் நம் நேரம் ஒன்பதுக்குத் திறக்கும், நம்மோடு சேர்ந்தே. மற்ற மாதங்களில் நம் நேரம் பத்துக்குத் திறக்கும். டாப் 40-ல் கனமான பெயர்கள் சிலவற்றைப் பாருங்கள். ஆங்லோ அமெரிக்கன், கிளென்கோர், பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ ஆகியவை லண்டனிலும் வியாபாரம் ஆகின்றன, ப்ரோஸஸ் ஆம்ஸ்டர்டாமில். டிசம்பரில் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை அந்தப் பங்குகளின் பெரிய சந்தை மூடியிருக்கிறது. ஆக நம் ஓப்பனிங் பேலன்ஸ் அப்போது அந்தப் பங்குகளைப் பொறுத்தவரை பாதி ஆள்களை வைத்து அமைந்த பேலன்ஸ். அது சின்னதாக வருவதில் ஆச்சரியமில்லை. சரியாக C தொடங்குகிற நிமிடத்தில் லண்டன் திறக்கிறது. C உடைப்பதிலும் ஆச்சரியமில்லை.

அந்த மாதங்களில் C-யின் உடைப்பை உடைப்பாகவே நான் மதிப்பதில்லை. C-யையும் சேர்த்து மூன்று எழுத்தைப் பேலன்ஸ் மாதிரி வைத்துக்கொண்டு, D உடைக்கிறதா, E எங்கே உட்காருகிறது என்று அரை மணி தள்ளிப் பார்க்கிறேன். 20 நாள் அகலக் கணக்கையும் கடிகாரம் மாறிய நாளிலிருந்து புதிதாகத் தொடங்க வேண்டும். கோடைக் கணக்கை வைத்துக் குளிர்காலப் பேலன்ஸை அளந்தால் எல்லா நாளும் சின்னதாகவே தெரியும். கோடை, குளிர் என்று நான் சொல்வது ஐரோப்பியக் கணக்கில். நம் டர்பனில் அது தலைகீழ் என்பதால் குழம்பிவிடாதீர்கள்.

நியூயார்க்கும் இதேபோல் நகரும். அவர்கள் கோடையில் நம் நேரம் 3:30, குளிரில் 4:30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறே மாற்றிவிடும், நவம்பர் முதல் ஞாயிறு வரை விடாது. அதனால் மார்ச்சிலும் அக்டோபர் கடைசியிலும் லண்டன் ஒரு கணக்கில், நியூயார்க் இன்னொரு கணக்கில் இருக்கிற நாள்கள் வரும். 3:30-க்குத் திறந்தால் N-ல் தொடங்கி நாள் முடிய நாலு எழுத்து மிச்சம், பெரிய கை வந்தால் வேலை செய்ய நேரம் இருக்கிறது. 4:30-க்குத் திறந்தால் பங்குச் சந்தையில் தொடர் வியாபாரம் முடிய 20 நிமிடம்தான். 4:50-க்கு நிறைவு ஏலம் தொடங்கிவிடும். டிசம்பர் நாளில் மதியம் வரை ஒன்றும் நடக்காவிட்டால் நியூயார்க் வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ரிசர்வ் வங்கி வட்டி அறிவிக்கிற வியாழக்கிழமைகளில் இந்த D சோதனையைத் தள்ளி வையுங்கள். அறிக்கை வாசிப்பது மூன்று மணிக்கு, நம் கணக்கில் M எழுத்து. வங்கிப் பங்குகளில் பெரிய கை அதுவரை அசையாது. காலைப் பேலன்ஸ் சின்னதாக இருக்கும், D வெளியே நின்றால்கூட மூன்று மணிக்கு எல்லாம் தலைகீழாகலாம். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மூன்றாம் வியாழன் கான்ட்ராக்ட் முடிகிற நாள். அன்றும் சார்ட் வரைந்து வைக்கலாம், அதை நம்பிப் பணம் போட வேண்டாம்.

கடைசியாக உங்கள் திரையைச் சரிபாருங்கள். நீங்கள் ஜேஎஸ்இ ஃபியூச்சர்ஸ் சார்ட்டையே பார்க்கிறீர்களா, அல்லது புரோக்கர் கொடுக்கிற சிஎஃப்டி சார்ட்டில் எழுத்து போடுகிறீர்களா? மெட்டாடிரேடரில் போடுகிறவர்களுக்கு எழுத்து தொடங்குவது புரோக்கர் சர்வரின் நேரப்படி. பல சர்வர்கள் நியூயார்க் முடிவை நள்ளிரவாக வைப்பதற்காகக் கோடையில் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும், குளிரில் நம் நேரத்தோடு ஒத்துப்போகும். அப்படிப்பட்ட சர்வரில் ஜூலையில் 9:00 என்று கொடுத்தால் உங்கள் A உண்மையில் எட்டு மணிக்குத் தொடங்கும், 10:00 என்று கொடுக்க வேண்டும். சர்வர் மணியையும் கைக்கடிகாரத்தையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

வரிசை உயரத்தையும் பாருங்கள். 5 புள்ளி வைத்தால் மினியில் வியாபாரம் குறைவான நேரத்தில் எழுத்துகளுக்கு நடுவே ஓட்டை விழும், அந்த ஓட்டைகள் சிங்கிள் பிரிண்ட் மாதிரி ஏமாற்றும். 200 வைத்தால் நம் பேலன்ஸே இரண்டு வரிசையில் அடங்கிவிடும், D உள்ளே வந்ததா வெளியே நின்றதா என்று எதுவும் தெரியாது. சாதாரண நாளில் பேலன்ஸ் ஆறு முதல் பத்து வரிசை வருகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இந்த விலை மட்டத்துக்கு 50 புள்ளி அதனால்தான் எடுத்தேன்.

இதையெல்லாம் செய்துவிட்டு, உங்களிடம் இருக்கிற பழைய சார்ட்டுகளை எடுத்து, C உடைத்த ஒவ்வொரு நாளுக்கும் D-யின் அடியோ உச்சமோ பேலன்ஸ் ஓரத்திலிருந்து எத்தனை புள்ளி தள்ளி நின்றது என்று ஒரு பத்தியில் எழுதுங்கள். பக்கத்தில் நாள் முடிந்த விலையை எழுதுங்கள். லண்டன் ஒன்பதுக்குத் திறக்கிற மாதங்களையும் பத்துக்குத் திறக்கிற மாதங்களையும் தனித்தனித் தாளில் வையுங்கள். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.